அமெரிக்க சிபிஏ-வுக்கு எழுதும் முதல் மெயில்: கையில் இருப்பதை முதலில் சொல்லுங்கள்

நடு வருஷத்தில் அமெரிக்க வேலையை முடித்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பினால், வீடு பார்த்து, கேஸ் இணைப்பு வாங்கி, ஆதாரில் முகவரி மாற்றி ஓய்ந்து உட்காரும்போது தை பிறந்துவிடும். போன வருஷத்து அமெரிக்க வரித் தாக்கல் அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும். நம்ம ஊர் ஆடிட்டரிடம் கேட்டால், "அங்கே இருக்கிற சிபிஏ-வைப் பிடிங்க சார்" என்பார். சிபிஏ என்றால் அமெரிக்காவின் உரிமம் பெற்ற ஆடிட்டர். சரி என்று ஒருவரைக் கண்டுபிடித்து, "என்னென்ன டாக்குமெண்ட் வேண்டும்?" என்று மெயில் போடுவோம். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். இருபது பக்கக் கேள்வித்தாள் ஒன்று பதிலாக வந்தது. எல்லா வாடிக்கையாளருக்கும் போவது அது. டெக்சாஸில் வீடு வாங்கியவருக்கும், குழந்தையை டேகேரில் விடுபவருக்கும் ஒரே கேள்விகள். சென்னையில் ஃபிக்ஸட் டெபாசிட் வைத்துவிட்டு ஆகஸ்டில் விமானம் ஏறியவரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். டெக்சாஸுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். நாம் மாலையில் அனுப்பினால் அவர் காலையில் பார்ப்பார். அவர் பதில் நமக்கு மறுநாள் கிடைக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம் என்பதால், ஒரு கேள்விக்கு ஒரு வாரம்கூட ஆகும். இப்படியே இழுத்து, 600 டாலர் என்று பேசிய கட்டணம் 1,450 டாலரில் போய் நின்றது. ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். வேலையின் அளவு அவர்களுக்கே துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து, இன்னும் என்ன கேட்கப் போகிறார்களோ என்று மெயிலைத் திறந்த அந்த மாதங்களின் பயம் நிஜமானது. அதனால்தான் அந்த முதல் மெயிலில் என்ன இருக்க வேண்டும் என்று விரிவாக எழுதுகிறேன். ஹெச்-1பி விசாவில் இருந்து, 2024 ஆகஸ்ட் 18 அன்று கிளம்பிய, திருமணமாகாத ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். தம்பதியாக இருந்தால் சேர்ந்து தாக்கல் செய்ய முடியுமா என்ற கேள்வியும் வரும். அதை மெயிலின் முதல் பத்தியிலேயே கேட்டுவிடுங்கள்.

மெயிலில் முதலில் வர வேண்டியவை தேதிகள். வேறு எந்த ஆவணம் வேண்டும் என்பதே நீங்கள் கிளம்பிய தேதியைப் பொறுத்துத்தான் இருக்கிறது. ஜனவரி 1 முதல் ஆகஸ்ட் 18 வரை எண்ணினால் 231 நாள். கிளம்பிய நாளும் கணக்கில் சேரும். 183-ஐத் தாண்டிவிட்டதால் அந்த நாள் வரை நீங்கள் அமெரிக்க வரிச் சட்டப்படி அங்கே வசிப்பவர். அதற்குப் பிறகு வீடு, வேலை, வாழ்க்கை எல்லாம் இந்தியாவுக்கு மாறிவிட்டது என்று காட்ட முடிந்தால், ஆகஸ்ட் 19 முதல் வசிக்காதவர். ஒரே வருஷத்தில் இரண்டு நிலை. அப்போது வசிக்காதவர்களுக்கான 1040-என்ஆர் படிவம் பிரதான ரிட்டர்னாகவும், வசித்த காலத்துக்கான 1040 படிவம் அதோடு இணைக்கும் அறிக்கையாகவும் போகும். ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் கிடையாது. இதைவிட நம் வேலையை மாற்றும் விஷயம் ஒன்று உண்டு: வருமானத்தை ஆகஸ்ட் 18-க்கு முன், பின் என்று பிரிக்க வேண்டும். முன்பகுதியில் உலகில் எங்கே சம்பாதித்திருந்தாலும் அமெரிக்காவுக்குச் சொல்ல வேண்டும். பின்பகுதியில் வந்த சென்னை சம்பளமும் சென்னை வட்டியும் அவர்களுக்குத் தேவையில்லை.

தேதிக்கு ஆதாரம் கேட்பார்கள். i94.cbp.dhs.gov தளத்தில் பயண வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விமான நிலையங்களில் வெளியேறும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. அதனால் அந்தப் பட்டியலில் சில சமயம் கிளம்பிய பதிவு விடுபட்டிருக்கும். போர்டிங் பாஸையும், மீனம்பாக்கத்தில் குத்திய வருகை முத்திரையையும் சேர்த்து வையுங்கள். முத்திரையில் ஆகஸ்ட் 20 என்று இருக்கும், ஏனென்றால் விமானம் நள்ளிரவு தாண்டி இறங்குகிறது. அமெரிக்க மண்ணில் இருந்த கடைசி நாள்தான் கணக்கு என்பதை மெயிலிலேயே எழுதிவிட்டால், "18-ஆ, 20-ஆ?" என்று ஒரு சுற்று மெயில் மிச்சம். சென்னை வாடகை ஒப்பந்தமும் புதிய வேலைக்கான நியமனக் கடிதமும் வாழ்க்கை இங்கே மாறியதற்கு ஆதாரம். முந்தைய இரண்டு வருஷங்களில் அமெரிக்காவில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது இந்திய வங்கி வட்டி. எனக்கு அதிக நேரம் போனது இதில்தான். என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, டிடிஎஸ் பிடிப்பதில்லை. அதனால் 26ஏஎஸ்-இல் வரிப்பிடித்தமாக எதுவும் தெரியாது. நம் மனதிலும் அது வருமானமாகப் பதிவதில்லை. அமெரிக்காவுக்கோ அது முழுக்க வரிக்குட்பட்ட வட்டி. வங்கிக் கிளையில் போய்க் கேட்டால், "இன்ட்ரஸ்ட் சர்டிபிகேட் ஃபைனான்ஷியல் இயருக்குத்தான் சார் வரும்" என்று ஏப்ரல் முதல் மார்ச் வரைக்குமான தாளைத் தருவார்கள். அந்தத் தாளை அப்படியே அனுப்புவதால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

2024 ஜனவரி 1 அன்று 12 லட்சம் ரூபாயை 7.1 சதவீதத்தில், காலாண்டுக்கு ஒருமுறை அசலோடு வட்டி சேரும் டெபாசிட்டில் போட்டதாக வைப்போம். காலாண்டுக்கு வருஷ வட்டியில் கால் பங்கு என்று எளிமையாகக் கணக்கிட்டால், மார்ச் 31-இல் 21,300 ரூபாய், ஜூன் 30-இல் 21,678, செப்டம்பர் 30-இல் 22,063, டிசம்பர் 31-இல் 22,454, அடுத்த மார்ச் 31-இல் 22,853. முதல் நிதியாண்டு சான்றிதழ் 21,300 என்று காட்டும். அடுத்தது 89,048 என்று காட்டும். ஜனவரி முதல் டிசம்பர் வரை உண்மையில் சேர்ந்ததோ 87,495. ஆகஸ்ட் 18 வரை வரவு வைக்கப்பட்டது 42,978 மட்டுமே. சிபிஏ-வுக்குத் தேவைப்படும் தொகை இரண்டு சான்றிதழிலும் இல்லை! 89,048-ஐப் போட்டு ரிட்டர்ன் செய்துவிட்டால், தேவையில்லாத வட்டிக்கு வரி கட்டுவோம். 21,300-ஐப் போட்டால் குறைத்துக் காட்டியவர் ஆவோம்.

ஆகவே சான்றிதழைவிட முக்கியம், டெபாசிட்டின் பரிவர்த்தனை அறிக்கை. நெட் பேங்கிங்கில் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை தேதி கொடுத்து எடுங்கள். வட்டி வரவான ஒவ்வொரு தேதியையும் தொகையையும் ஒரு எக்செல் தாளில் எழுதி, ஆகஸ்ட் 18-இல் ஒரு கோடு போடுங்கள். ஜூன் 30-க்குப் பிறகு 49 நாளுக்குச் சேர்ந்து, இன்னும் வரவு வைக்கப்படாத வட்டியை எந்தப் பக்கம் வைப்பது என்பது சிபிஏ-வின் முடிவு. அதைக் கேள்வியாகவே மெயிலில் எழுதுங்கள். என்ஆர்ஓ கணக்கு இருந்தால் அதில் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடித்திருப்பார்கள். அந்த வரியை அமெரிக்க வரியில் கழித்துக்கொள்ள வழி உண்டு என்பதால் 26ஏஎஸ்-ஐ இரண்டு நிதியாண்டுக்கும் எடுத்து வையுங்கள். முதலாவதிலிருந்து ஜனவரி முதல் மார்ச் வரை, இரண்டாவதிலிருந்து ஏப்ரல் முதல் அவர்களுக்கு வேண்டும்.

ரூபாயை டாலராக நீங்களே மாற்றி அனுப்பாதீர்கள். வருமானத்துக்கு ஒரு மாற்று விகிதம் எடுப்பார்கள். வெளிநாட்டுக் கணக்குகளைத் தெரிவிக்கும் எஃப்பார் படிவத்துக்கு அமெரிக்கக் கருவூலம் வெளியிடும் டிசம்பர் 31 விகிதம். நீங்கள் கூகுளில் பார்த்துப் போட்ட எண்ணைப் பிரித்து மறுபடி ரூபாயாக்குவதும் மணிக்கணக்கில் பில் ஆகும்.

எஃப்பார் பற்றிச் சொன்னேன். எல்லா வெளிநாட்டுக் கணக்குகளின் கூட்டுத் தொகை வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அது கட்டாயம். வரி ரிட்டர்னோடு சேராமல், ஃபின்சென் என்ற வேறு அமைப்புக்குத் தனியாகப் போவது. இங்கே கேட்கப்படுவது ஆண்டு இறுதி இருப்பு அல்ல, ஒவ்வொரு கணக்கிலும் வருஷத்தில் எந்த நாளிலாவது இருந்த அதிகபட்சம். அம்மாவோடு கூட்டாக வைத்திருக்கும் மயிலாப்பூர் கிளை சேமிப்புக் கணக்கில் பணம் முழுக்க அம்மாவின் பென்ஷனாகவே இருந்தாலும், உங்கள் பெயர் இருப்பதால் முழுத் தொகையோடு அதைக் காட்ட வேண்டும். வீட்டில் எல்லோரும் மறக்கும் கணக்கு இதுதான். அப்பா காலத்தில் ஆரம்பித்து, உங்கள் பெயரையும் சேர்த்துவிட்டு, பாஸ்புக் பீரோவில் கிடக்கும். மெயில் எழுதும் முன் பெற்றோரிடம் உட்கார்ந்து ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் வங்கியின் பெயர், கிளை முகவரி, யார் யார் பெயரில், அதிகபட்ச இருப்பு, அது இருந்த தேதி. இவ்வளவும் ஒரே வரிசையில் வந்தால் போதும். கணக்கு எண்ணை மெயிலில் போட வேண்டாம்.

கட்டணத்தை ஏற்றிவிட்டது எது என்று கேட்டால் மியூச்சுவல் ஃபண்ட் என்பேன். இந்திய ஃபண்டுகளை அமெரிக்க வரிச் சட்டம் தனி வகையாக நடத்துகிறது. படிவம் 8621 ஒரு ஃபண்டுக்கு ஒன்று. மாதம் 2,000 ரூபாய் எஸ்ஐபி-யாக ஆறு ஃபண்டில் போட்டிருந்தால் ஆறு படிவம் ஆகக்கூடும். தனி நபருக்கு வருஷக் கடைசி நாளில் எல்லாம் சேர்த்து 25,000 டாலருக்குள் இருந்து, விற்பனையோ பெரிய டிவிடெண்டோ இல்லாவிட்டால், பெரும்பாலும் தப்பிக்க வழி உண்டு. அதனால் எத்தனை ஃபண்ட், டிசம்பர் 31 மதிப்பு என்ன, வருஷத்தில் எதையாவது விற்றீர்களா என்ற மூன்றையும் முதல் மெயிலிலேயே சொல்லுங்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு சிபிஏ சொல்லும் கட்டணம்தான் நம்பக்கூடிய கட்டணம். ஆவணத்துக்கு அலைய வேண்டாம். கேம்ஸ் தளத்தில் ஒருங்கிணைந்த அறிக்கை கேட்டால் கேஃபின்டெக் வழி வாங்கிய ஃபண்டுகளும் சேர்ந்து மெயிலில் வந்துவிடும். சுருக்கமானதை விட்டுவிட்டு விரிவான அறிக்கையைத் தேர்ந்தெடுங்கள். தொடக்க தேதியை முதன்முதலில் முதலீடு செய்த நாளுக்கு முன்னால் வையுங்கள். இருப்பு பூஜ்யமான ஃபோலியோக்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். வாங்கிய தேதியும் விலையும் இல்லாத சுருக்க அறிக்கையை வைத்து அந்தப் படிவத்தைத் தயாரிக்க முடியாது.

அமெரிக்கப் பக்கத்து ஆவணங்களில் பிரச்சினை, அவை எங்கே போய்ச் சேரும் என்பது. சம்பளத்துக்கான டபிள்யூ-2 ஜனவரி 31-க்குள் அனுப்பப்பட வேண்டும். பழைய அபார்ட்மெண்ட் முகவரிக்குப் போனால் உங்களுக்குக் கிடைக்காது. கிளம்பும் முன்பே சம்பளத் தளத்தில் மின்னணு வடிவம் என்று மாற்றிவிடுங்கள். பங்கு புரோக்கர் தரும் வருமான அறிக்கையான 1099 பிப்ரவரி நடுவில் வரும், சில சமயம் மார்ச்சில் திருத்தப்பட்டு மறுபடி வரும். நீங்கள் வெளிநாட்டவர் என்று டபிள்யூ-8பென் கொடுத்திருந்தால், அதற்குப் பிந்தைய டிவிடெண்டுக்கு அதே புரோக்கர் 1042-எஸ் என்ற வேறு படிவம் தருவார். அதற்கு மார்ச் நடு வரை காத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் லாகின் செய்ய ஓடிபி பழைய அமெரிக்க எண்ணுக்குத்தான் போகும். அந்த எண்ணை ஒரு மலிவான திட்டத்துக்கு மாற்றி உயிரோடு வையுங்கள். அமெரிக்க வங்கிக் கணக்கையும் ரிட்டர்ன் முடியும்வரை மூடாதீர்கள். ரீஃபண்ட் வந்தாலும் வரி கட்ட வேண்டியிருந்தாலும் அது வழியாகத்தான் சுலபம்.

இவ்வளவையும் திரட்டிய பிறகு மெயில் இப்படி அமையும். ஆங்கிலத்தில் எழுத வேண்டியதைத் தமிழில் தருகிறேன்.

"பொருள்: 2024 ரிட்டர்ன், 18 ஆகஸ்ட் 2024 அன்று இந்தியா திரும்பியவர், கட்டண மதிப்பீடும் விடுபட்ட ஆவணங்களும்.

வணக்கம். நான் திருமணமாகாதவன், ஹெச்-1பி விசாவில் டெக்சாஸில் வேலை பார்த்தேன். 2022, 2023 இரண்டு வருஷமும் முழுக்க அமெரிக்காவில். 2024-இல் ஜனவரி 1 முதல் ஆகஸ்ட் 18 வரை, 231 நாள். சென்னையில் இறங்கியது ஆகஸ்ட் 20. செப்டம்பர் முதல் சென்னையில் வேலை. மறுபடி அமெரிக்கா வரும் திட்டம் இல்லை.

கையில் இருப்பவை: 2023 ரிட்டர்ன் நகல், 2024 டபிள்யூ-2 ஒன்று, அமெரிக்க வங்கியின் 1099-ஐஎன்டி ஒன்று, ஐ-94 வரலாறு, போர்டிங் பாஸ், வருகை முத்திரை, சென்னை வாடகை ஒப்பந்தம், என்ஆர்இ டெபாசிட் ஒன்றின் ஜனவரி–டிசம்பர் அறிக்கை, ஆகஸ்ட் 18 வரை வரவான வட்டி 42,978 ரூபாய், இந்தியக் கணக்குகள் மூன்றின் அதிகபட்ச இருப்புப் பட்டியல், அதில் ஒன்று அம்மாவுடன் கூட்டுக் கணக்கு, மியூச்சுவல் ஃபண்ட் ஆறின் விரிவான அறிக்கை, டிசம்பர் 31 மதிப்போடு, 2024-இல் விற்பனை இல்லை.

இன்னும் வராதவை: புரோக்கரின் 1099, பிப்ரவரி நடுவில், 1042-எஸ், மார்ச் நடுவில்.

இல்லாதவை: வீடு, வாடகை வருமானம், கிரிப்டோ, 401(கே) கணக்கிலிருந்து எடுத்த பணம்.

கேள்விகள்: 1. மேலே உள்ளதைத் தவிர வேறென்ன வேண்டும்? 2. எஃப்பார், வெளிநாட்டு நிதிச் சொத்துகளைக் காட்டும் 8938, ஃபண்டுகளுக்கான 8621 இவற்றில் எவை எனக்குப் பொருந்தும், அவை கட்டணத்தில் அடங்குமா? 3. ஏப்ரல் 15-க்குள் முடியாவிட்டால் அவகாசம் கேட்கும் 4868 படிவம் போடுவீர்களா, அதற்குள் எவ்வளவு கட்ட வேண்டும் என்று மதிப்பிட்டுச் சொல்வீர்களா? 4. ஆவணங்களை எந்தப் பாதுகாப்பான தளத்தில் ஏற்றுவது? 5. ரிட்டர்ன் மின்னணு முறையிலா, தாளிலா? 6. ஜூன் 30-க்குப் பிறகு ஆகஸ்ட் 18 வரை சேர்ந்து, வரவு வைக்கப்படாத டெபாசிட் வட்டியை எந்தப் பக்கம் வைப்பது?"

‘இல்லாதவை’ என்ற பத்தியை யாரும் எழுதுவதில்லை. ஆனால் கேள்வித்தாளின் பாதிப் பக்கங்களை அதுதான் தேவையில்லாமல் ஆக்குகிறது. மூன்றாவது கேள்வியும் அவசியம். 4868 போட்டால் தாக்கல் செய்ய அக்டோபர் 15 வரை நேரம் கிடைக்கும், பணம் கட்டுவதற்கான கெடு ஏப்ரல் 15-ஆகவே இருக்கும். எனக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை; வட்டி கட்டியபோதுதான் தெரிந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஜூன் 15 வரை தானாகவே நேரம் உண்டு என்று நண்பர்கள் சொல்வார்கள். அது குடிமக்களுக்கும் வசிப்பவர்களுக்கும் உள்ள சலுகை. சம்பளம் வாங்கிய, வருஷக் கடைசியில் வசிக்காதவரான நீங்கள் அதை நம்பி இருக்க வேண்டாம்.

எழுதும் முறையிலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். 08/07/2024 என்றால் நமக்கு ஜூலை 8, அவர்களுக்கு ஆகஸ்ட் 7. மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுதுங்கள். 12,00,000 என்று நம் முறையில் கமா போட்டால் ஏதோ பிழை என்று நினைப்பார்கள்; 1,200,000 என்று போடுங்கள். நம் வங்கிகள் அனுப்பும் பிடிஎஃப் எல்லாம் பிறந்த தேதியிலோ வாடிக்கையாளர் எண்ணிலோ பூட்டியிருக்கும். அவற்றைத் திறந்து, பிரிண்ட் கொடுப்பதுபோல் கொடுத்து பிடிஎஃப்-ஆகச் சேமித்தால் பூட்டு இல்லாத நகல் கிடைக்கும். பெயரைப் பார்த்தாலே உள்ளே இருப்பது தெரியும்படி வையுங்கள்:

```
2024_NRE-FD_statement_Jan-Dec_INR.pdf
2024_India-accounts_max-balance_INR.xlsx
2024_CAS_detailed_6-funds.pdf
```

சோஷியல் செக்யூரிட்டி எண், பாஸ்போர்ட் நகல், கணக்கு எண் எதையும் இந்த முதல் மெயிலில் சேர்க்காதீர்கள். கட்டணம் வாங்கி ரிட்டர்ன் தயாரிக்கும் எவருக்கும் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் தரும் பிடின் எண் இருக்க வேண்டும். சிபிஏ என்றால் மாநில உரிமமும் இருக்கும். இரண்டையும் சரிபார்த்து, ஒப்பந்தக் கடிதம் கையெழுத்தான பிறகு அவர் தரும் தளத்தில் மட்டும் ஏற்றுங்கள்.

ஐந்தாவது கேள்விக்குத் தாளில் என்று பதில் வந்தால், கையெழுத்திட்ட பிரதியைச் சென்னையிலிருந்து கூரியரில் அனுப்ப வேண்டியிருக்கும். ஐஆர்எஸ் முகவரிகள் சில தபால் பெட்டி எண்கள். தனியார் கூரியர்கள் அங்கே கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. கூரியருக்கென்று ஐஆர்எஸ் தனியாகத் தெரு முகவரி வைத்திருக்கிறது, எந்த நிறுவனத்தின் எந்தச் சேவையை ஏற்கும் என்ற பட்டியலும் உண்டு. இரண்டையும் சிபிஏ-விடமே எழுத்தில் வாங்கிக்கொண்டு, அனுப்பிய தேதி உள்ள ரசீதை ரிட்டர்ன் நகலோடு சேர்த்து வையுங்கள்.